முறுக்கு குடித்த எண்ணெயைக் கண்ணால் அளக்கலாம்

தேன்குழல் வெந்துவிட்டது என்பதற்கு அது சிவப்பது அடையாளம் இல்லை. பச்சரிசி மாவும் வறுத்து அரைத்த உளுந்து மாவும் நாலுக்கு ஒன்று என்று கலந்து பிழிந்த தேன்குழல், சரியாகப் பொரிந்து வெளியே வரும்போதும் வெண்மை பெரிதாக மாறாமல் லேசான சந்தன நிறத்தில்தான் இருக்கும். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் கரகரப்பு போய், பல் இறங்காத கடினம் வரும். கடலைப் பருப்பு சேர்ந்த முள்ளு முறுக்கு இதற்கு நேர் எதிர். அதே எண்ணெயில், அதே தீயில், உள்ளே ஈரம் இருக்கும்போதே அது வெளியே சிவந்துவிடும். 'பொன்னிறமாக வந்ததும் எடுக்கவும்' என்ற ஒரே வரியை எல்லாப் பட்சணத்துக்கும் எழுதிவைக்கும் சமையல் குறிப்புகள் இந்த இடத்தில்தான் நம்மைக் கைவிடுகின்றன.

காரணம் எளிது. மாவில் இருக்கும் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து வினைபுரிவதால்தான் பழுப்பு நிறம் வருகிறது. பருப்பு மாவு கூடினால் அந்த வினை வேகமாக நடக்கும். வெறும் அரிசி மாவில் மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே நிறம் முதலில் சொல்வது மாவின் கலவையை. வெந்ததா இல்லையா என்பதை அதற்குப் பிறகுதான்.

உருளைக்கிழங்கு சிப்ஸில் இந்த ஏமாற்று இன்னும் அதிகம். குளிர்பதனப் பெட்டியில் சில நாள் வைத்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். அதைச் சீவிப் பொரித்தால் சீக்கிரமே கருஞ்சிவப்பாகும், ஆனால் கையில் எடுத்தால் துவளும். வெந்தது என்று நினைத்து எடுப்பவருக்கு நமுத்த சிப்ஸும், மொறுமொறுப்பு வரட்டும் என்று விடுபவருக்குக் கசந்த சிப்ஸும் கிடைக்கும். தீயைக் குறைத்தோ கூட்டியோ இதைச் சரிசெய்ய முடியாது. கிழங்கைத்தான் மாற்ற வேண்டும். மாவுப் பண்டங்களைக் கருகச் சிவக்கவிடாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. இப்படிச் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் உண்டாகிறது என்பதை 2002-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். சிப்ஸுக்கு வெளிர் மஞ்சளே போதும்.

அப்படியானால் வெந்ததை எதை வைத்துச் சொல்வது? நுரையை வைத்து. முறுக்கு விழுந்ததும் எழும் கொந்தளிப்பு எண்ணெயின் கொதிப்பு இல்லை. மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் வேகம் அது. முதலில் பெரிய பெரிய குமிழ்களாக, சலசலவென்ற சத்தத்தோடு வரும். பிறகு குமிழ் சிறுக்கும், சத்தம் தணியும். கடைசியில் ஓரங்களில் மட்டும் ஊசிமுனைக் குமிழ்கள் விட்டுவிட்டு வரும். எடுக்கவேண்டிய நேரம் அதுதான். நுரை அடியோடு நின்றபின்னும் விட்டுவைத்தால், சூட்டைத் தணித்துக்கொண்டிருந்த ஈரம் இல்லாததால் நிறம் மளமளவென்று ஏறிவிடும். எடுத்த பிறகும் உள்சூட்டில் ஒரு சாயல் கூடும் என்பதால், வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே எடுப்பதுதான் சரி.

இனி எண்ணெய்க் கணக்கு. முறுக்கு வாணலியில் கிடக்கும் நேரமெல்லாம் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் அதிகம் உள்ளே போக முடியாது. உருளைக்கிழங்கு, மக்காச்சோள சிப்ஸ்களில் நடந்த ஆய்வுகள் காட்டியது இதைத்தான்: பண்டத்தில் சேரும் எண்ணெயின் பெரும்பகுதி, வெளியே எடுத்து ஆறத் தொடங்கும் நேரத்தில் உள்ளே போகிறது. சூடு தணியும்போது நுண்துளைகளில் இருந்த ஆவி சுருங்குகிறது. அந்த வெற்றிடம் மேல்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சி இழுத்துக்கொள்கிறது. எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் தட்டில் நடக்கிற காரியம்.

இதைப் புரிந்துகொண்டால் மினுமினுப்பைப் படிக்க வந்துவிடும். எடுத்த உடனே எல்லா முறுக்கும் பளபளக்கும். அதில் சேதி எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பளபளப்பு மங்கும்போது, எண்ணெய் வடிந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது தட்டில் இறங்கியிருக்கலாம், முறுக்குக்குள்ளும் போயிருக்கலாம். எங்கே போனது என்று அறிய, நன்றாக ஆறிய முறுக்கு ஒன்றை உடைத்து, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் அந்த முறிந்த வாயைப் பாருங்கள். நன்றாகப் பொரிந்ததில் உட்புறம் வறண்டு, வெள்ளையாக, மெல்லிய துளைகளோடு தெரியும். எண்ணெய் குடித்ததில் விளிம்பையொட்டி ஈரம் கோத்ததுபோல மங்கிய, கண்ணாடித்தன்மையான ஒரு வளையம் ஓடும். அதிகம் குடித்திருந்தால் வெள்ளையே தெரியாது. துளைகளில் காற்று இருக்கும்வரை வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் நிரம்பியதும் வெளிச்சம் ஊடுருவிவிடுகிறது. எண்ணெய் பட்ட காகிதம் மறுபக்கம் தெரிகிற மாதிரி ஆவதும் இதனால்தான். சிப்ஸை உடைக்கக்கூட வேண்டாம், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் போதும். நடுவில் கண்ணாடிபோலத் தெரியும் திட்டுகள் எண்ணெய் தங்கிய இடங்கள். பெரும்பாலும் அவையே சரியாக வேகாத இடங்களாகவும் இருக்கும்.

தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸுக்கு மட்டும் ஒரு விலக்கு. அந்த எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் சிப்ஸ் மங்கலாக, வெள்ளை பூத்ததுபோல இருந்தால் எண்ணெய் குறைவு என்று எண்ண வேண்டாம். வெயில் ஏறியதும் அதே சிப்ஸ் மினுங்கும்.

கொப்பளம் சொல்வது வேறு சேதி. தீயும் ஈரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதா என்பதை அது காட்டும். முறுக்கின் மேலெல்லாம் பொடிப்பொடியாக, ஒரே அளவில் கொப்பளம் இருந்தால் ஆவி ஒழுங்காக வெளியேறியிருக்கிறது. ஆங்காங்கே பெரிதாக, வழுவழுப்பாக உப்பி, அதன் முதுகு மட்டும் சிவந்திருந்தால் எண்ணெய் மிஞ்சிக் காய்ந்திருந்தது அல்லது மாவு தளர்ந்திருந்தது. மேல்தோல் சட்டென்று இறுகி ஆவிக்கு வழி அடைந்துபோனதால் வந்த உப்பல் அது. அதைக் கிள்ளிப் பாருங்கள். அடியில் மாவு வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். இப்படிப்பட்ட முறுக்குதான் அன்று கரகரப்பாக இருந்து, டப்பாவில் போட்டபின் உள்ளீரம் பரவி நமுத்துப்போகும். கொப்பளம் உடைந்து ஓட்டை விழுந்திருந்தால் அந்தக் குழியில் எண்ணெயும் தேங்கும்.

கொப்பளமே இல்லாமல், வெளுத்து, வழவழவென்று, கையில் கனக்கும் முறுக்கு, எண்ணெய் காயுமுன் பிழிந்தது. வெண்ணெய் கூடிப்போனால் வேறு மாதிரி: பிழிந்த இழை எண்ணெயில் பிரிந்து, பரப்பெல்லாம் விரிசல் விட்டு, அந்த விரிசல் அத்தனையிலும் எண்ணெய் ஏறும். தின்னும்போது வாயில் கரையும் அந்த மென்மையைப் பக்குவம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது எண்ணெயின் மென்மையாகவே படுகிறது.

ஒரு ஈட்டை முழுதாகப் பார்த்துவிடலாம். நாலு கப் அரிசி மாவு, ஒரு கப் உளுந்து மாவு, இரண்டு மேஜைக்கரண்டி வெண்ணெய், உப்பு, சீரகம். மாவு உழக்கில் அழுத்தும்போது இழை அறாமலும் கையில் ஒட்டாமலும் இருக்க வேண்டும். எண்ணெய் 170 முதல் 175 டிகிரி. வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு துளி மாவைப் போட்டுப் பார்க்கலாம். அது அடியில் தங்காமல் எழும்பி வரவேண்டும், ஆனால் எழும்பியதும் சிவக்கக் கூடாது. சின்ன வாணலியில் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பிழிந்தால் சூடு சரிந்துவிடும். மூன்று நான்கு போதும். ஓரம் இறுகியபின் ஒரு தடவை திருப்பி, நுரை அடங்கும்வரை விட்டு, ஜல்லிக்கரண்டியில் அள்ளி, உடனே தட்டுக்குக் கொண்டுபோகாமல் வாணலிக்கு மேலேயே அரை நிமிடம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அங்கே எழும் அனலில் முறுக்கு சட்டென்று ஆறாது, எண்ணெயும் நீர்த்து வழியும். உறிஞ்சப்போகும் எண்ணெயை முன்கூட்டியே கழித்துவிடும் வேலை இது. பிறகு ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், கம்பித் தட்டில் செங்குத்தாக நிறுத்தி ஆறவிடலாம். பெரிய பட்சணக் கடைகளில் சூடாக இருக்கும்போதே சுழலும் கூடையில் போட்டு எண்ணெயைச் சிதறவைப்பதும் இதற்காகத்தான்.

எண்ணெய் பழசானால் இத்தனை கவனமும் வீண். பலமுறை காய்ந்த எண்ணெய் கெட்டிப்பட்டு, வழியாமல் ஒட்டிக்கொள்ளும். ஆறியபின்னும் போகாத பிசுபிசுத்த மினுமினுப்பு, விரலில் தேய்த்தால் வராமல் இழுக்கும் பசைத்தன்மை, காறல் வாடை, வாணலியில் அடங்காமல் பொங்கும் மென்நுரை ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது நுரையை வைத்து வேக்காட்டைச் சொல்லவும் முடியாது. ஈரம் போனபின்னும் நுரைத்துக்கொண்டே இருக்கும். பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லை. மேலே சொன்ன அடையாளங்களில் இரண்டு தெரிந்தாலே அந்த எண்ணெயைத் தள்ளிவிடலாம்.

கண் சொன்னது சரிதானா என்று பார்க்க ஒரு தராசு போதும். முறுக்குக்காகச் சேர்த்த தண்ணீர் முழுவதும் பொரியும்போது போய்விடும். மாவிலேயே இயல்பாக இருந்த ஈரத்திலும் பெரும்பகுதி போகும். அந்த இழப்பை வெண்ணெயும் உப்பும் ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆகவே ஒரு கிலோ மாவில் சுட்ட முறுக்கு, எண்ணெயே குடிக்காமல் இருந்தால் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் வருவதெல்லாம் எண்ணெய். ஒரு கிலோ முந்நூறு கிராம் வந்தால் ஏறக்குறைய முந்நூறு கிராம் எண்ணெய் உள்ளே இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு மாவை நிறுத்துப் பிசையுங்கள், முறுக்கையும் நிறுத்துப் பாருங்கள். ஒரு ஈட்டை வாணலிக்கு மேல் சாய்த்துப் பிடித்தும், இன்னொன்றை நேரே தட்டில் கொட்டியும் எடை போட்டால், அந்த அரை நிமிடம் எத்தனை கிராம் எண்ணெயை மிச்சப்படுத்துகிறது என்பது உங்கள் அடுப்படியிலேயே தெரிந்துவிடும்.