நடுத்தண்டைப் பற்றிக்கொண்ட கல்

மாவு அரைத்து முடிந்த பின் கிரைண்டரின் குழவிக் கற்களைத் தூக்கப் போனால் அவை நடுத்தண்டை விட்டு வர மறுப்பதும், பலங்கொண்டு இழுத்தால் பாத்திரமே சேர்ந்து மேலே எழும்பிவிடுவதும் எதனால் என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். முதல்நாள் சாயங்காலம் உளுந்து அரைத்துக்கொண்டிருக்கையில் விருந்தினர் வந்துவிட்டார்களாம்; மாவை வழித்தெடுத்ததோடு சரி, கல்லை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தாராம்; மறுநாள் காலையில் அது அசையவில்லை; மூத்த மகன் திருப்புளியைக் கொண்டுவந்து நெம்பத் தொடங்கியபோது, வேண்டாமென்று தடுத்து நிறுத்திவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தாராம். அந்த அம்மாள் செய்த காரியம் மிகவும் புத்திசாலித்தனமானது.

மேசைமேல் வைத்து அரைக்கும் சிறிய கிரைண்டரைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். பாத்திரத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கும் தண்டின் மேல், குழவிக் கற்களைத் தாங்கும் சட்டத்தின் மையத்திலுள்ள மூடி ஒரு தொப்பியைப்போலக் கவிந்து உட்காருகிறது. பாத்திரமும் தண்டும் சுழல, குறுக்குச் சட்டத்தால் நிறுத்தப்பட்ட அந்த மூடி மட்டும் சுழலாமல் நின்ற இடத்தில் நிற்கிறது. மூடிக்குள் பெரும்பாலும் நைலானால் ஆன ஒரு புஷ் இருக்கும். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்கவேண்டிய மயிரிழை இடைவெளியில்தான் நம்முடைய சங்கடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இடைவெளி அதிகமானால் கல் ஆடும், மாவும் சீராக அரைபடாது. ஆகையால் அதைக் குறுகலாகவே வைக்கிறார்கள்.

கல் ஒட்டிக்கொள்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அவற்றில் எது நம் முன்னே நிற்கிறது என்பதைக் கையாலேயே கண்டுபிடித்துவிடலாம். குறுக்குச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, கற்களின் சட்டத்தை இடமும் வலமுமாகத் திருப்பிப் பாருங்கள். தாராளமாகத் திரும்புகிறது, ஆனால் மேலே தூக்கினால் சிறிது எழும்பி மீண்டும் கீழே இழுக்கப்படுகிறது என்றால், அங்கே நடப்பது காற்றின் வேலை. திரும்பவே மாட்டேன் என்றால் காய்ந்த மாவின் வேலை. திரும்பும்போது கரகரவென்று உரசி, ஒரு பக்கமாக மட்டும் சிக்குகிறது என்றால் புஷ் தேய்ந்து கோணலாகிவிட்டதன் அறிகுறி.

காற்றின் வேலை என்றேனே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம். மூடியின் மேற்பக்கம் அடைபட்டிருக்கிறது. கீழ்ப்பக்க இடைவெளியையோ ஈர மாவு மெழுகிவிட்டிருக்கிறது. இந்நிலையில் மூடியை வேகமாக மேலே இழுத்தால் உள்ளே இடம் விரிகிறது, ஆனால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உடனே புகமுடிவதில்லை. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று மூடியைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. நம்மைச் சூழ்ந்த காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறக்குறைய 1 கிலோ பாரத்தை ஏற்றுகிறது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். தண்டின் விட்டம் 2.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் முகப்புப் பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். ஆகவே உள்ளே முழு வெற்றிடமே ஏற்பட்டாலுங்கூடக் காற்றின் பாரம் 5 கிலோவைத் தாண்டாது. உண்மையில் அதில் ஒரு பகுதிதான் ஏற்படும். என்றாலும் கற்களின் சொந்த எடையோடு இதுவும் சேரும்போது, குனிந்த முதுகோடு தூக்குகிறவருக்கு யாரோ கீழிருந்து பிடித்து இழுப்பதாகவே தோன்றும். இதற்குப் பரிகாரம் பலமன்று, நிதானம். மெல்லத் திருப்பிக்கொண்டே சிறிது சிறிதாக உயர்த்தினால் ஈரப்பூச்சு கிழிந்து காற்று உள்ளே கசிந்து செல்ல அவகாசம் கிடைக்கிறது. கல்லும் தானாகவே கையோடு வந்துவிடுகிறது. மூடியின் உச்சியில் ஊசித்துளை ஒன்று இட்டுவிட்டால் இந்தப் பாடே இராது என்பது என் அபிப்பிராயம். துளையை அடிக்கடி சுத்தம் செய்யவேண்டியிருக்குமே என்று தயாரிப்பாளர் அஞ்சக்கூடும், ஆனால் தினமும் கல்லோடு மல்லுக்கட்டுவதைவிட அந்தச் சிரமம் சிறியது.

தூக்கும்போது ஒரு கல்லை மாத்திரம் பிடித்து இழுப்பது பலரிடமும் உள்ள வழக்கம். அது கூடாது. என் தகப்பனாரின் எழுதுமேசையில் அகலமான இழுப்பறை ஒன்று இருந்தது. ஒரு மூலையைப் பற்றி இழுத்தால் அது கோணிக்கொண்டு சிக்கும், இரு கைகளாலும் சமமாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். மூடியும் அவ்வாறே சாய்ந்த மாத்திரத்தில், ஒரு பக்கத்தின் மேல்விளிம்பும் எதிர்ப்பக்கத்தின் கீழ்விளிம்பும் தண்டைக் கவ்விக்கொள்ளும்; இழுக்க இழுக்க அந்தப் பிடி இறுகுமே தவிரத் தளராது. சட்டத்தின் இரு முனைகளையும் சமமாகப் பிடித்து நேர் மேலாகத்தான் தூக்கவேண்டும். பாத்திரமும் கூடவே எழும்பி வருமானால், வீட்டிலுள்ள இன்னொருவர் அதன் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அரைப்பதும் கழுவுவதும் தூக்குவதும் ஒருத்தியின் தலையிலேயே விழ, மற்றவர்கள் இட்லிக்கு மட்டும் வந்து உட்காரும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு நிமிஷமாவது அவர்கள் எழுந்து வரலாம்.

இனி வாசகியின் வீட்டில் நேர்ந்ததற்கு வருவோம். அங்கே இரவு முழுவதும் காய்ந்தது உளுந்து மாவு. உளுந்தின் வழுவழுப்புக்குக் காரணமான பசைப்பொருள், ஈரத்தில் இட்லியை மிருதுவாக்குவதுபோலவே, உலர்ந்தால் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். அக்காலத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் உளுந்தைச் சேர்த்ததும் இந்தக் குணத்தை அறிந்துதான். இதை இளக்கத் தண்ணீரும் பொழுதும் போதும். மின்சாரச் செருகியை முதலில் பிடுங்கிவிட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரை, மூடியின் கீழ்விளிம்பு மூழ்குமளவு பாத்திரத்தில் ஊற்றி, அரைமணி நேரம் விட்டுவிடவேண்டும். நடுநடுவே சட்டத்தை இருபுறமும் அசைத்துக் கொடுத்தால் நீர் இடைவெளிக்குள் ஏறும். முதலில் நூலளவு திரும்பும், பிறகு கால் வட்டம், அப்புறம் முழு வட்டம். அதுவரையில் மேலே இழுக்கவே வேண்டாம்.

கொதிநீரை ஊற்றினால் சீக்கிரம் இளகுமென்று எண்ணுகிறவர்கள் உண்டு; விளைவு நேர்மாறானது. மாவிலுள்ள ஸ்டார்ச் சுமார் 70 டிகிரி சூட்டில் வெந்து கூழாகிவிடுகிறது. இடைவெளிக்குள் இருக்கும் மாவை அங்கேயே வேகவைத்துச் சுவரொட்டிப் பசை காய்ச்சியதாக முடியும். பாத்திரத்தின் அடிக்கல்லை ஒட்டியிருக்கும் பசைக்கும் அந்தச் சூடு ஆகாது. மோட்டாரை ஓடவிட்டு விடுவிக்கப் பார்ப்பதும் தவறு: இறுகிய தண்டு சுழலாது, பெல்ட் வழுக்கித் தேயும், உறுமல் மட்டும் கேட்கும், கேட்ட மறுகணமே நிறுத்திவிடவேண்டும். திருப்புளியால் நெம்பினாலோ நைலான் விளிம்பு உடையும், கல்லின் ஓரம் பெயரும். பெயர்ந்த சில் அடுத்த ஈட்டு மாவில் சேர்ந்து யாருடைய பல்லிலாவது அகப்படும்.

கல் வெளியே வந்ததும், மூடிக்குள் விரலைவிட்டுத் தடவிப் பார்த்து, மாவுப் படிவை ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டு, கல்லையும் பாத்திரத்தையும் தனித்தனியே உலர்த்தவேண்டும். அடுத்த முறை அரைக்குமுன் தண்டில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். இயந்திர கிரீஸ் உணவில் கலக்கத் தகாதது. மாவு பொங்கி மூடியின் உயரத்தை எட்டுமளவு அரிசியையோ உளுந்தையோ போடவும் கூடாது, உள்ளே மாவு புகும் வழிகளில் அதுவும் ஒன்று. இவ்வளவும் செய்த பிறகும் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே சிக்குகிறதென்றால் புஷ்ஷை மாற்றும் காலம் வந்துவிட்டது. பழுது பார்க்கும் கடையில் அதை மட்டும் தனியாக மாற்றித் தருவார்கள், அதற்காகப் புதுக் கிரைண்டர் வாங்கவேண்டியதில்லை.