அமைத்தேனா, அமைத்தோமா? வேலை அனுபவம் இல்லாதவர் எழுதும் இரண்டு வரி அறிமுகம்



என்னிடம் ஐந்தாம் படிவம் வரை தமிழ் படித்த மாணவி ஒருத்தி, பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இரவு அவளுடைய தற்குறிப்பை வாட்சப்பில் அனுப்பி, "பதினாறு இடத்துக்கு அனுப்பிட்டேன் டீச்சர். ஒருத்தர்கூட கூப்பிடல. எங்க தப்புன்னு பாருங்களேன்" என்று கேட்டிருந்தாள். ரெஸ்யூமின் தலைப்பகுதியில், பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கீழே வரும் அந்த இரண்டு வரி அறிமுகத்தைத்தான் முதலில் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி:

"கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர், குழுவாகச் செயல்படக் கூடியவர். அனுபவம் இல்லாவிட்டாலும், சவால் நிறைந்த நிறுவனத்தில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதை அப்படியே எடுத்து, அவளோடு படித்த இன்னொருவரின் ரெஸ்யூமில் ஒட்டினால் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. உங்கள் வரிகளையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். நண்பரின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறது என்றால், அந்த வரி உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். "அனுபவம் இல்லாவிட்டாலும்" என்பது இன்னும் மோசம். இருக்கிற இடமே இரண்டு வரி. அதில் இல்லாத ஒன்றைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? படிப்பு முடித்த ஆண்டைப் பார்த்தாலே புதியவர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு வரி என்றால் எவ்வளவு இடம் என்பதையும் பார்த்துக்கொள்வோம். ஏ4 தாளில், 11 அளவு எழுத்தில், வழக்கமான ஓரம் விட்டால், ஒரு வரிக்கு ஏறக்குறைய 15 ஆங்கிலச் சொற்கள் பிடிக்கும். ஆக, மொத்தம் 30 சொல். மலாயில் சொற்கள் சற்று நீளம் என்பதால் இன்னும் குறையும். இந்த 30 சொல்லில் இரண்டு செய்திகள் போதும்: நீங்கள் யார், எந்த வேலையைத் தேடுகிறீர்கள் என்பது ஒன்று, அந்த வேலைக்கு நெருக்கமாக நீங்கள் ஏற்கெனவே செய்த ஒரு காரியம் இன்னொன்று. வேலை அனுபவம் இல்லாதவருக்கு அந்தக் காரியம் படிக்கும்போது செய்த திட்டப்பணிதான்.

எந்தத் திட்டப்பணி? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். என் மாணவியிடம் இரண்டு இருந்தன. ஒன்று, கைப்பேசி விளையாட்டுச் செயலி. அதற்கு ஏ கிடைத்தது. மற்றொன்று இறுதியாண்டில் செய்தது. கார் உதிரிபாகக் கடை ஒன்றின் இருப்புக் கணக்கை நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாற்றும் வேலை. அதற்குப் புள்ளி கொஞ்சம் குறைவு. அவள் விண்ணப்பித்த வேலையோ கிடங்கு ஒன்றில் இருப்புப் பதிவு உதவியாளர். அவளுக்கு விளையாட்டுச் செயலியைப் போடத்தான் ஆசை. "அதுக்குத்தானே டீச்சர் ஏ வாங்கினேன்!" புள்ளி விரிவுரையாளருக்காக. கிடங்குக்காரர் தேடுவது சரக்கும் கணக்கும் ஒத்துப்போக வைக்கத் தெரிந்த ஆளை. வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் வரும் வினைச்சொற்களை மட்டும் கோடிடச் சொன்னேன். பதிதல், சரிபார்த்தல், எண்ணுதல் என்று மூன்றுதான் வந்தன. உதிரிபாகக் கடைத் திட்டத்தில் மூன்றும் இருந்தன, செயலியில் ஒன்றுகூட இல்லை.

அடுத்து, அந்தத் திட்டத்தில் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"கடைக்கு ஒரு சிஸ்டம் செஞ்சோம் டீச்சர்."

"செஞ்சோம்னா யாரு?"

"நாங்க நாலு பேரு."

"சரி, நீ என்ன செஞ்ச?"

கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. திரையில் தெரியும் பக்கங்களை இரண்டு தோழிகள் செய்தார்கள். அறிக்கையை ஒருவன் எழுதினான். கடைக்காரரின் நோட்டில் இருந்த 420 பதிவுகளைப் படித்து, ஒரே பொருள் இரண்டு பெயரில் எழுதப்பட்டிருந்த 37 இடங்களைக் கண்டுபிடித்து நீக்கி, மிச்சமிருந்த 383 பொருள்களுக்கு மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அமைத்தது இவள். கடைசியில் கடைக்கே போய் 50 பொருள்களைக் கையால் எண்ணிப் பார்த்ததும் இவளே. கணினிக் கணக்கோடு 47 ஒத்துப்போயின, மூன்று ஒத்துப்போகவில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு "கடின உழைப்பாளி" என்று எழுதியிருக்கிறாள்!

எழுத வேண்டிய ரெஸ்யூம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்தாலும், முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மொழிப்பற்றுக்காகச் சொல்லவில்லை, இலக்கணம் தரும் ஒரு வசதிக்காகச் சொல்கிறேன். தமிழ் வினைமுற்றில் விகுதி வந்தே ஆக வேண்டும். "அமைத்தேன்" என்றால் தன்மை ஒருமை, "அமைத்தோம்" என்றால் தன்மைப் பன்மை. நான் என்ற சொல்லை விட்டுவிட்டாலும் விகுதி உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில ரெஸ்யூமில் எழுவாயை விட்டுவிட்டு 'பில்ட்', 'டெவலப்ட்' என்று நேரே வினையில் தொடங்குவது வழக்கம். மலாயில் 'மெம்பாங்குன்கான்' என்றாலும் யார் செய்தது என்பது வினையில் தெரியாது. நால்வர் செய்த வேலையை ஒருவர் செய்ததுபோல் காட்டும் தவறு அங்கே தெரியாமலே நுழைந்துவிடுகிறது. தமிழில் எழுதும்போது ஒவ்வொரு வினையிலும் ஏன் விகுதியா, ஓம் விகுதியா என்று நீங்கள் முடிவெடுத்தே தீர வேண்டும்.

தப்பிக்க ஒரு வழி தமிழிலும் உண்டு, அதுதான் செயப்பாட்டுவினை. "தரவுத்தளம் அமைக்கப்பட்டது" என்று எழுதிவிட்டால் செய்தவர் மறைந்துவிடுவார். இடுபணி அறிக்கை எழுதிப் பழகிய கை தானாகவே அந்தப் பக்கம் போகும். வரைவில் 'பட்டது' என்று வருகிற இடத்தையெல்லாம் வட்டமிட்டு, செய்வினைக்கு மாற்றிப் பாருங்கள். ஏன் என்றும் முடிக்க முடியவில்லை, ஓம் என்று முடிக்கவும் தயக்கமாக இருக்கிறது என்றால், அந்த வேலையில் உங்கள் பங்கு மிகக் குறைவு. அதை விட்டுவிடுங்கள்.

அவள் எழுதிய முதல் வரைவில் எல்லாமே இருந்தது. 420, 37, 383, 50, 47, மென்பொருளின் பெயர், பாலிடெக்னிக்கின் பெயர், குழுவில் எத்தனை பேர் என்பதுவரை. ஐந்து வரி வந்தது. குறைக்கும்போது ஓர் எண்ணிக்கையை மட்டும் விளைவாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். 37 இரட்டைப் பதிவுகளை நீக்கியதும் நல்ல செய்திதான். ஆனால் இருப்புப் பதிவு வேலையின் உயிரே கணக்கும் சரக்கும் ஒத்துப்போவது. அதனால் 50-இல் 47 என்பதை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கீழே திட்டப்பணிப் பகுதிக்கு அனுப்பினோம். பாலிடெக்னிக்கின் பெயர் கல்விப் பகுதியில் ஏற்கெனவே இருக்கிறது. மைஎஸ்கியூஎல் என்பதையும் நீக்கினோம், விளம்பரத்தில் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுதான் முதலில் நின்றிருக்கும்.

கடைசியில் நின்றது இதுதான்:

"தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா முடித்தேன், கிடங்கு இருப்புப் பதிவு உதவியாளர் வேலை தேடுகிறேன். நால்வர் குழுவின் இறுதியாண்டுத் திட்டத்தில், கடையொன்றின் 383 உதிரிபாகங்களுக்குத் தரவுத்தளம் அமைத்தேன். கையால் எண்ணிப் பார்த்த 50-இல் 47 ஒத்துப்போயின."

இதை அவள் ஆங்கிலமாக்கியபோது ஏறக்குறைய 30 சொல் வந்தது, இரண்டு வரியில் அடங்கியது. எதிர்பார்த்தபடி ஏன் விகுதி அங்கே காணாமல் போனது. ஆனால் "நால்வர் குழுவின்" என்பதும், முழு சிஸ்டம் என்று சொல்லாமல் "தரவுத்தளம்" என்று பங்கைக் குறுக்கிச் சொன்னதும் கூடவே போனதால் பொருள் கெடவில்லை. மொழிமாற்றும்போது இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இடம் பற்றவில்லை என்றால் வேறு எதையாவது வெட்டலாம்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. "வேலைத்திறனை 40 விழுக்காடு உயர்த்தினேன்" என்று எழுதச் சொல்லும் மாதிரி ரெஸ்யூம்கள் நிறைய உலவுகின்றன. திட்டப்பணிக்கு முன்னும் பின்னும் யாராவது அளந்து பார்த்தார்களா? அளக்கவில்லை என்றால் அந்த எண்ணை எழுதாதீர்கள். நேர்முகத்தேர்வில் "எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் சரிந்துவிடும். உங்கள் திட்ட அறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டுங்கள். எத்தனை பதிவுகள், எத்தனை பேரிடம் வினாநிரல் கொடுத்தீர்கள், எத்தனை முறை சோதித்தீர்கள் என்று உண்மையான எண்கள் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். வகுப்புக்காக நீங்களே உருவாக்கிய தரவு என்றால் "மாதிரித் தரவு" என்று சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னும் தேர்வு முடிவு வரவில்லை என்றால், 'முடித்தேன்' என்ற இடத்தில் 'முடிவுக்குக் காத்திருக்கிறேன்' என்று மாற்றுங்கள்.

கணினித் துறை இல்லாதவர்களுக்கும் இதே வழிதான். தமிழ் இலக்கியம் எடுத்துப் படித்தவர், ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்துநர் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காப்பிய ஆய்வைப் போடுவதைவிட, ஊர்க் கடைகளின் 60 பெயர்ப்பலகைகளைப் படமெடுத்து ஒற்றுப்பிழைகளை வகைப்படுத்திய சின்ன இடுபணிதான் அந்த வேலைக்கு நெருக்கம். "60 பெயர்ப்பலகைகளின் ஒற்றுப்பிழைகளைத் திருத்தி வகைப்படுத்தினேன்" என்று ஏன் விகுதியோடு முடிக்க முடிகிறதே!

ஆசிரியர்கள் இதை வகுப்பில் சுருக்கி எழுதும் பயிற்சியாகவே செய்யலாம். மாணவர்கள் குழுவாகச் செய்த ஏதாவது ஒரு இடுபணியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் ஓம் விகுதியில் ஐந்து வாக்கியம், பிறகு ஏன் விகுதியில் எத்தனை முடியுமோ அத்தனை. என் வகுப்பில் செய்தபோது, நன்றாகப் பேசும் ஒரு பையனுக்கு இரண்டாவது பட்டியலில் ஒரே வாக்கியம்தான் வந்தது. வாயே திறக்காத ஒரு மாணவிக்கு நான்கு வந்தன. குழுவில் மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உதிரிபாகக் கடை மாணவியை அந்தக் கிடங்கில் நேர்முகத்தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மிச்சம் மூன்று ஏன் ஒத்துப்போகவில்லை?" என்பதுதானாம். வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த பொருளை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், ஆனால் கணினியில் சேர்ப்பதில்லை. திரும்பி வரும் பொருளைப் பதிய ஒரு கட்டமே தான் வைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு அந்த மேலாளர், "எங்க கிடங்குலயும் அதே பிரச்சினைதான்" என்று சொல்லி, அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினாராம்.