அணிப் படத்திலிருந்து ஒரு வீரர் அட்டை

வீடியோ கேம் பாணி வீரர் அட்டையை இரண்டரைக்கு மூன்றரை அங்குலத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 750க்கு 1050 பிக்சல் வேண்டும். அணிப் படத்திலோ ஒருவரின் முகம் பெரும்பாலும் நூறு பிக்சல்கூட இருக்காது. அப்படியே பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் கலங்கிவிடும். நிறங்களை நான்கைந்து படிகளாகக் குறைத்து, புருவத்தையும் தாடையையும் கையால் தடித்து வரைந்தால் அந்த மங்கல் மறைந்து ஓவியத் தோற்றம் வரும்.

பக்கத்தில் நிற்பவரின் கை தோளை மறைத்திருந்தால், வீரரை மார்போடு வெட்டி, வெட்டிய விளிம்பைச் சட்டத்தின் கீழ்ப்பட்டைக்குப் பின்னால் ஒளிக்கலாம்.

ஃபிஃபா விளையாட்டு அட்டைகளில் களவீரருக்கு வேகம், ஷாட், பாஸ், டிரிப்ளிங், தடுப்பு, உடல்வலு என ஆறு எண்கள் உண்டு. தடுப்பாட்டக்காரருக்குத் தடுப்பு 84, ஷாட் 41 என்று போட்டால்தான் ஆட்டக்காரர் யாரென்று தெரியும். எல்லாமே 90 என்றால் அட்டை எவருக்கும் பொருந்திவிடும்.