கையில் இருக்கட்டும் சென்னை நேரம்

போன ஜூனில் அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு நியூயார்க் போயிருந்தேன். இரண்டாம் நாள் இரவு எட்டு மணிக்கு பிராட்வே நாடகம். நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். விளக்கு அணைந்த ஐந்தாவது நிமிடம் அத்தானின் தலை என் தோளில் சாய்ந்தது. இடைவேளையில் எழுப்பியதும், "ஆரம்பிச்சுட்டாங்களா மாப்ளே?" என்று பதறினார். தப்பு அவர் மேல் இல்லை. அவர் உடம்புக்கு அது விடியற்காலை நான்கு மணி.

ஜூனில் சென்னைக்கும் நியூயார்க்குக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். மேற்கு நோக்கிப் போகிறவரின் உள்கடிகாரம் நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்தான் பின்னால் நகரும். முழுவதும் சரியாக ஒரு வாரமாவது பிடிக்கும். எனவே மூன்று நாளில் ஜெட் லாக்கைப் போக்கிவிடும் வழியைத் தேடுவதை விட, உடம்பு விழித்திருக்கும் வேளையில் ஊரைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

அதற்கு ஒரு சின்ன ஏற்பாடு போதும். செல்போன் தானாகவே நியூயார்க் நேரத்துக்கு மாறிவிடும். கைக்கடிகாரத்தைச் சென்னை நேரத்திலேயே விட்டுவிடுங்கள். தினமும் படுக்கப்போகும்போது அதை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பி வையுங்கள். உங்கள் உடம்பில் மணி என்ன என்பதை அது ஏறக்குறைய சரியாகவே சொல்லும். பத்தரைக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுகிறவருக்கு உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து, தூக்கம் அழுத்தும் நேரம் விடியற்காலை நான்கு மணிவாக்கு. கைக்கடிகாரத்தில் அந்த நான்கு மணி முதல் நாள் நியூயார்க்கின் மாலை ஆறரைக்கு வரும். இரண்டாம் நாள் இரவு எட்டுக்கு. மூன்றாம் நாள் ஒன்பதரைக்கு.

வெயில் எப்போது வேண்டும் என்பதும் இதே நான்கு மணியை வைத்துத்தான். அதற்கு முந்தைய சில மணி நேரம் கண்ணில் படும் வெளிச்சம் உள்கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். நமக்கு வேண்டியது அதுதான். நான்கு மணி தாண்டியபின் படும் வெளிச்சம் எதிர்த்திசையில் இழுக்கும். ஜூனில் அங்கே சூரியன் மறைய எட்டரை ஆகிவிடும். அதனால் முதல் நாள் ஆறரை வரை வெளியில் இருங்கள். அதன்பின் அறைக்குள் போய்விடுங்கள், வெளியே இருந்தாக வேண்டுமென்றால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை ஒன்பதுக்கு விமானம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டல் அறை பெரும்பாலும் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை வரவேற்பறையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். ஆபத்து அந்த மூன்று மணியில்தான் இருக்கிறது. கைக்கடிகாரத்தில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. "கொஞ்சம் முதுகைச் சாய்க்கிறேன்" என்று படுத்தவர் இரவு எட்டுக்கு எழுந்து, விடிய விடிய உட்கார்ந்திருப்பார். முடியவே இல்லையென்றால் அலாரம் வைத்து அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு ஸ்டேட்டன் தீவுப் படகில் ஏறுங்கள். கட்டணம் கிடையாது, ஒரு பக்கம் சுமார் இருபத்தைந்து நிமிடம். உள்ளே உட்காராமல் வெளித்தளத்தில் காற்றில் நின்றால் தூங்க முடியாது. சுதந்திர தேவி சிலையையும் பார்த்துவிடலாம். இரவு ஒன்பதுக்குப் படுத்துவிடுங்கள்.

மறுநாள் இரண்டு, மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும். பயப்பட வேண்டாம், விளக்கை மங்கலாக வைத்துக்கொண்டு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுப் படுத்திருங்கள். தூக்கம் திரும்பி வந்தால் லாபம். வராவிட்டால் ஐந்து மணிக்கு புரூக்ளின் பாலத்துக்குப் போய்விடுங்கள். 1883-இல் திறந்த அந்தப் பாலத்தின் நடைபாதை பகலெல்லாம் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஜூனில் ஐந்தரைக்குள் விடிந்துவிடும், அப்போது ஓடுகிறவர்கள் சிலரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். மொத்தப் பயணத்திலும் எங்கள் மூவருக்கும் பிடித்த ஒரு மணி நேரம் அதுதான். அருங்காட்சியகம் மாதிரி மனசு வைத்துப் பார்க்க வேண்டியவற்றை முற்பகலில் முடித்துவிடுங்கள். காபி மதியம் ஒரு மணியோடு சரி. பிற்பகலுக்கு சென்ட்ரல் பார்க்கில் நடை.

நாடகம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் மூன்றாம் நாள் பகல் காட்சிக்கு எடுங்கள்; பிராட்வேயில் புதன், சனிகளில் பெரும்பாலும் இரண்டு மணிக்குப் பகல் காட்சி உண்டு. கைக்கடிகாரத்தில் அப்போது இரவு எட்டரைதான், கண் திறந்திருக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள், மாறும் நேரத்துக்கு எப்படி எடுப்பது என்பதைக் கிளம்புமுன் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்று நாளும் வாடகைக் காரைத் தொடாதீர்கள். நயாகராவுக்கு ஏழு மணி நேர ஓட்டம். இரண்டாம் நாள் போனால் மாலையில் திரும்பும்போது ஓட்டுகிறவரின் உடம்பில் நடுநிசி. நாங்கள் அதை ஐந்தாம் நாளுக்குத் தள்ளினோம், இரவு அங்கேயே தங்கினோம். காலை ஆறுக்குக் கிளம்பி மதியம் அருவி முன்னால் நின்றபோது கைக்கடிகாரத்தில் மணி நாலரை. அன்று அத்தான் வழியில் ஒருமுறைகூடக் கண் அசரவில்லை.