பன்னிரண்டரை மணி நேர வேலைக்கு 22 நாள்

போன வருஷம் மாசி மாசத்தில் சென்னையிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். நாலு வருஷமாக என்னிடம் மாப்பிள்ளைச் சம்பா வாங்குகிறவர். "அண்ணா, அரிசியைக் குறை சொல்லல. ஆனா வீட்டுல அரிசி தீர்ந்து, கடையில வேற வாங்கி, அதுவும் பாதி தீர்ந்த பிறகுதான் உங்க மூட்டை வந்து சேருது. இனிமே அனுப்ப வேண்டாம்" என்றார். அந்த மாசத்தில் இப்படி நின்றுபோனவர்களில் அவர் மூன்றாவது ஆள். நேரடியாக விற்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, ஒரு வீடு நின்றுபோனால் வருஷத்துக்கு நூறு கிலோவுக்கு மேல் அரிசி நின்றுபோன மாதிரி. அந்த நெல் கடைசியில் வியாபாரியிடம் சாதா நெல் விலைக்குத்தான் போகும்.

எனக்கு உடனே தோன்றியது, கல் நீக்கும் மிஷின் ஒன்று வாங்கிப் போடலாம் என்பதுதான். சலித்துப் புடைத்துக் கல் பொறுக்குவதில் ஒரு நாள் போகிறதே, அதைக் குறைத்தால் சீக்கிரம் அனுப்பலாம் என்று நினைத்தேன். கடனுக்கு விசாரித்தும் விட்டேன். அப்போது கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிற என் தங்கை மகன் ஊருக்கு வந்திருந்தான். "மாமா, மிஷின் வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆர்டரைப் பிடிச்சு, அது எங்கெங்க நின்னுச்சுன்னு பாருங்க" என்றான். அவர்கள் கம்பெனியில் இதற்கு வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங் என்று பெயராம். டொயோட்டா கார் கம்பெனியில் பழகி வந்த முறை இது. ஆர்டர் கையில் வந்ததிலிருந்து சரக்கு வாங்கியவர் வீட்டுக்குப் போகிற வரை நடக்கிறதை எல்லாம் ஒரே தாளில் வரைவார்கள். வேலை நடக்கிற நேரத்தைக் கீழ்ப்படியிலும், சும்மா கிடக்கிற நேரத்தை மேல்படியிலும் குறிப்பார்கள். பார்க்க ஏணி மாதிரி இருக்கும்.

1996-இல் வோமாக், ஜோன்ஸ் என்ற இருவர் எழுதிய புத்தகத்தில் ஒரு கோலா டின்னின் கதை வருகிறது என்றும் சொன்னான். அலுமினியத் தாது வெட்டியதிலிருந்து, டின்னாகி, பானம் நிரப்பி, வீட்டுக்கு வந்து குடிக்கிற வரை 319 நாள் ஆகிறது. அதில் உண்மையில் வேலை நடந்த நேரம் 3 மணி நேரம்தான். மீதி எல்லாம் ஏதாவது ஒரு கிடங்கில் கிடந்த நாட்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கதையை வரைந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாபகத்திலிருந்து வரையக் கூடாது. அதுதான் முதல் விஷயம். மில்லுக்காரரைக் கேட்டால் "அரைக்க ரெண்டு மணி நேரம்" என்பார், அது பொய்யில்லை. ஆனால் நெல் மில் வாசலில் மூணு நாள் கிடந்ததை அவர் சொல்ல மாட்டார். அது யாருடைய வேலையும் இல்லை, அதனால் யார் மனதிலும் நிற்பதில்லை. அதனால் ஆர்டர் நோட்டு, போனில் வந்த செய்திகள், லாரி ஆபீஸ் ரசீது இவற்றிலிருந்து தேதிகளை எடுத்தேன். வாங்கியவர் கையில் சேர்ந்த நாளில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போனேன். அப்படிப் போனால், "இதற்கு முன்னால் இது எங்கே இருந்தது?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டே ஆக வேண்டும், எதையும் தாண்டிப் போக முடியாது.

நான் எடுத்துக்கொண்டது அந்த அம்மாவின் கடைசி ஆர்டர். திங்கட்கிழமை ராத்திரி 15 கிலோ புழுங்கல் அரிசி கேட்டிருந்தார். மில்லில் ஐந்து மூட்டைக்குக் குறைந்தால் ஓட்ட மாட்டார்கள் என்பதால், மற்ற ஆர்டர்களும் சேரட்டும் என்று 6 நாள் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நெல்லை ஊறப்போட்டு அவித்தது ஒரு நாள். களத்தில் காயவைத்தது 2 நாள். மில்லில் முறை வர 3 நாள் காத்திருப்பு. அரைத்து வந்த அரிசி, சலித்துப் புடைக்க வரும் அக்காமார் களையெடுப்பை முடித்துவிட்டு வரட்டும் என்று 2 நாள் கிடந்தது. அவர்கள் வந்து ஒரு நாளில் சுத்தம் பண்ணி, பையில் போட்டுத் தைத்தாயிற்று. பிறகு எடை பார்த்து, பார்சல் கட்டணம் கூட்டி, மொத்தம் இவ்வளவு என்று நான் சொல்லி, அவர் பணம் போட்டு, அதை நான் பார்க்க 2 நாள். நான் தஞ்சாவூருக்குப் போவது சனிக்கிழமைதான் என்பதால் அதற்கு இன்னொரு 2 நாள். சனிக்கிழமை சாயந்திரம் போட்டால் நடுவில் ஞாயிறு வந்து, கையில் சேர 3 நாள்.

கூட்டிப் பார்த்தால் 22 நாள். அதில் 15 நாள் சுத்தமான காத்திருப்பு. ஐந்து மூட்டைக்கும் சேர்த்து மனுஷர் கையோ மிஷினோ உழைத்த நேரம் பன்னிரண்டரை மணி நேரம். கல் பொறுக்கும் மிஷின் வாங்கியிருந்தால் 22 நாளில் அரை நாள் குறைந்திருக்கும். கடன் மட்டும் முழுசாக இருந்திருக்கும்.

ஒரே ஆர்டரை நம்ப வேண்டாமே என்று இன்னும் ஐந்து ஆர்டர்களைப் பார்த்தேன். நாள் முன்னே பின்னே இருந்தது. நின்ற இடங்கள் அதேதான். இதற்குக் குறுக்குவழி ஒன்றும் இருக்கிறது. எங்கே குவியல் கிடக்கிறதோ, அதை ஒரு நாள் விற்பனையால் வகுத்துப் பாருங்கள். நான் நாளுக்குச் சராசரியாக 20 கிலோ அரிசி விற்கிறேன். கூடத்து மூலையில் 40 கிலோ பை கட்டிக் கிடந்தால், அது 2 நாள் காத்திருப்பு. குவியலைக் கிலோவாகப் பார்க்காமல் நாளாகப் பார்க்கப் பழகினால் வீடே வேறு மாதிரி தெரியும்.

காத்திருப்பு என்றால் எல்லாமே வீண் என்று நினைத்துவிடக் கூடாது. களத்தில் காயும் அவித்த நெல்லை நடுவில் குவித்து மூடி சில மணி நேரம் விடுவோம் இல்லையா, அது வீணில்லை. மணியின் வெளிப்பக்கம் முதலில் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் இருக்கும். விட்டுவைத்தால் உள் ஈரம் வெளியே வந்து சமமாகும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் காயவைத்தால் மணியில் வெடிப்பு விழுந்து, மில்லில் குருணையாகக் கொட்டும். சம்பா நெல்லைச் சில மாசம் பழசாக்குவதும் அப்படித்தான். புது அரிசிச் சோறு குழையும். என் படத்தில் இவற்றை வேலை என்றே கீழ்ப்படியில் போட்டேன்.

பெரிய காத்திருப்பு முதல் 6 நாள். அதை ஒழிக்க நான் செய்த முதல் காரியம் தப்பு. ஆர்டர் வருமுன்பே 60 கிலோ தூயமல்லிப் பச்சரிசியைத் தீட்டாமல் அரைத்து வைத்துக்கொண்டேன். சித்திரை வெயில். நாலு வாரத்தில் சிக்கு வாடை. இரண்டு பேர் திருப்பி அனுப்பினார்கள். உமி நீங்கியதும் தவிட்டில் உள்ள எண்ணெயை அதிலேயே இருக்கும் நொதி உடைக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் தவிட்டோடு இருக்கும் பச்சரிசி நாள்பட நிற்காது. அவிக்கும் சூட்டில் அந்த நொதி செயலிழப்பதால் புழுங்கல் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அதுவும் ரொம்ப நாளில்லை. உமிக்குள் இருக்கும்வரை நெல் பத்திரம்.

இதிலிருந்துதான் வழி கிடைத்தது. இருப்பு வைக்கத்தான் வேண்டும்; அதை அரிசியாக வைக்காமல், அவித்து நன்றாகக் காய்ந்த நெல்லாக வைக்க வேண்டும். ஊறல், அவியல், காய்ச்சல் மூன்றும் ஆர்டருக்கு முன்பே முடிந்துவிடும். ஆர்டர் வந்த பிறகு அரைப்பது மட்டும்தான் பாக்கி. தூயமல்லி பச்சரிசிக்கு அந்த முன்வேலையும் கிடையாது, காய்ந்த நெல்லே போதும்.

இருப்பு ஆறு மூட்டை. மூட்டைக்கு 60 கிலோ நெல், அரைத்தால் சுமார் 40 கிலோ அரிசி. கீழே மூன்று மூட்டை அடுக்கி, அதன் மேல் ஒரு சிவப்புக் கயிறு போட்டு, மேலே மற்ற மூன்று. கயிறு கண்ணில் பட்டால் அன்றைக்கே ஊறப்போட வேண்டும். கீழே இருக்கிற மூன்று மூட்டை ஏறக்குறைய ஆறு நாள் விற்பனைக்கு வரும். அதற்குள் அடுத்த நெல் அவிந்து காய்ந்துவிடும். நான் ஊரில் இல்லாவிட்டாலும் என் வீட்டுக்காரி கயிற்றைப் பார்த்து ஆரம்பித்துவிடுகிறார்.

அடுத்தது மில். "ரெண்டு மூட்டைக்கு மிஷின் ஓட்டினா எனக்கு என்ன தம்பி மிஞ்சும்?" என்றார் மில்லுக்காரர். பேசிப் பார்த்ததில், அவருக்குக் கஷ்டம் அளவில் இல்லை, ரகம் மாற்றுவதில் இருந்தது. சிவப்பரிசியான மாப்பிள்ளைச் சம்பாவுக்குப் பிறகு வெள்ளை ரகம் வந்தால் மிஷினை முழுக்கத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளையில் சிவப்பு கலந்து நிற்கும். சரி, எப்போதும் தூயமல்லி முதலில், பிறகு மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி இருந்தால் கடைசி என்று வரிசை போட்டுக்கொண்டோம். சிவப்பில் நாலு வெள்ளை மணி கிடந்தால் யாரும் கேட்பதில்லை. திங்கள், புதன் காலையில் முதல் முறை எனக்கு என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் கேட்டது, சொன்ன நேரத்துக்கு நெல் வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான்.

எண்பது கிலோவைச் சுத்தம் பண்ண ஆள் கட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அக்கா மதியம் வந்தால், மறுநாள் காலைக்குள் முடிந்துவிடும். பணத்துக்கு ஆன இரண்டு நாளைக் குறைத்தது வெறும் ஒரு சீட்டு. 5, 10, 25 கிலோ பைகளுக்கு எந்த ஊருக்கு எவ்வளவு என்று பார்சலும் சேர்த்து விலை எழுதி, ஆர்டர் சொல்லும்போதே அனுப்பிவிடுகிறேன். அரைக்கப் போகுமுன் பணம் வந்துவிடுகிறது. தஞ்சாவூர் பயணம் இப்போது செவ்வாயும் வியாழனும்.

இப்போது திங்கள் ராத்திரி வந்த ஆர்டர் புதன் அரைத்து, வியாழன் லாரி ஏறி, சனிக்கிழமை சென்னையில். 5 நாள். புதன் ராத்திரி கேட்டவருக்கு அடுத்த திங்கள்தான் மில் என்பதால் 8 நாள். இரண்டு பயணம் ஆனதால் பெட்ரோல் செலவு கூடியிருக்கிறது, ஆறு மூட்டை நெல்லின் பணம் எப்போதும் முடங்கிக் கிடக்கிறது; இதை மறைக்கத் தேவையில்லை. மாசம் இருபது முப்பது கிலோதான் விற்கிறவர் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், நாலு பேர் சேர்ந்து மில் நாளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஐப்பசி அடைமழையில் கயிறு தோற்றது. தொடர்ந்து ஒன்பது நாள் வெயிலே இல்லை. ஆறு மூட்டையும் தீர்ந்தது. அந்த வாரம் ஆர்டர் சொன்னவர்களிடம் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்த வருஷம் புரட்டாசி முடிவதற்குள் பத்து மூட்டை அவித்துக் காயவைத்து, கயிற்றையும் ஆறாவது மூட்டைக்கு மேல் ஏற்றிவிட்டேன். சென்னை அம்மா ஆவணியில் மறுபடி 10 கிலோ கேட்டார். வியாழக்கிழமை சீக்கிரமே பார்சல் வந்துவிட்டதால், வீட்டில் ஆளில்லை என்று கோபித்துக்கொண்டார்.