ஆடும் சடையும் ஓடும் காலமும்

கணினி விளையாட்டில் வரும் பாத்திரத்தின் நடையையும் ஓட்டத்தையும் ஓவியர் முன்னரே வகுத்து வைத்துவிடலாம். ஆனால் ஆடுபவர் எந்த நொடியில் எப்பக்கம் திரும்புவார் என்பதை யார் அறிவார்? ஆகவே சடை, வால், காதுத் தொங்கட்டான் ஆகியவற்றின் அசைவைக் கணினியே அவ்வப்போது கணக்கிடுகின்றது. இதற்கென வைக்கும் எலும்புகளை 'ஸ்பிரிங் எலும்பு' என்பர்.

சென்ற பருவத்தில் நான் ஒரு சிறுமியின் உருவத்தைச் செய்து, குஞ்சலம் வைத்த சடையை ஐந்து எலும்புகளாகக் கோத்தேன். ஆய்வுக்கூடக் கணினியில் அது அழகாகவே ஆடியது. விடுமுறையில் பெருமாட்டிக்குச் சென்று, வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் தங்கைக்குக் காட்டினேன்.

"ஏண்ணா, இவ சடை தண்ணிக்குள்ள ஆடற மாதிரி இருக்குது?" என்றாள்.

எண்களில் ஒன்றையும் நான் மாற்றவில்லை. பின் கோளாறு எங்கிருந்து வந்தது?

2018ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியான வி.ஆர்.எம். என்னும் உருவக் கோப்பு முறையைப் பின்பற்றியே நான் கணக்கை எழுதியிருந்தேன். அதன் சாரம் இது:

```
next = tail + (tail - prev) * (1 - drag)
     + (stiffness + gravity) * dt
```

எலும்பின் நுனி இப்போது இருக்கும் இடத்துக்கும், முந்தைய படத்தில் இருந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடே அதன் வேகம். அதில் ஒரு பங்கைத் தடை குறைக்கின்றது. பழைய நிலைக்கு இழுக்கும் விறைப்பும் ஈர்ப்பும் பின்னர்ச் சேர்கின்றன. இறுதியில் எலும்பின் நீளம் மாறாதபடி நுனியை இழுத்து வைத்து, முதுகுக்குள் புகுந்திருந்தால் வெளியே தள்ளிவிட வேண்டும்.

உற்றுப் பாருங்கள். இழுவிசைகளுடன் `dt` என்னும் கால அளவு பெருக்கப்படுகின்றது, தடையுடனோ இல்லை! தடை ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை வெட்டும், அவ்வளவுதான். தடை 0.4 என்றால் படத்துக்குப் படம் வேகத்தில் 0.6 பங்கு எஞ்சும். வினாடிக்கு 60 படம் காட்டும் கணினியில் பத்தில் ஒரு வினாடிக்குள் ஆறு வெட்டு. எஞ்சுவது ஏறக்குறைய 5 விழுக்காடு. வீட்டுக் கணினி காட்டுவதோ 30 படம். அங்கே மூன்றே வெட்டு; ஏறக்குறைய 22 விழுக்காடு எஞ்சிவிடுகின்றது. ஆட்டம் அடங்காமல் நீள்வது இதனாலேதான்.

தடையைக் கூட்டினால் போதாதா? வீட்டில் சரியாகும், ஆய்வுக்கூடத்தில் சடை குச்சிபோல் நிற்கும். அதையும் செய்து பார்த்து ஒரு மாலையை வீணாக்கினேன்.

சடைக்கு மட்டும் காலத்தை அறுபதில் ஒரு வினாடித் துண்டுகளாக நறுக்குவதே வழி. 30 படக் கணினியில் படத்துக்கு இருமுறை கணக்கிட வேண்டும். அப்போது முதல் துண்டுக்குத் தலையின் பாதி வழி இருப்பிடத்தைக் கொடுக்க மறக்கலாகாது. மறந்தால் முழுத் திருப்பமும் முதல் துண்டிலேயே விழுந்து சடை வெடுக்கென்று இழுபடும். கணினி திடீரெனத் தயங்கினால், நான்கு துண்டுகளுக்கு மேல் கணக்கிடாமல் மிச்சக் காலத்தைக் கைவிடுகிறேன். இல்லையேல் இக்கணக்கே தயக்கத்தை வளர்க்கும்.

இப்போது நல்ல கணினியையும் வேண்டுமென்றே 30 படத்துக்குக் கட்டிப்போட்டுச் சோதிக்கிறேன். தங்கையோ குஞ்சலத்தின் நிறத்தைக் குறை கூறத் தொடங்கியிருக்கிறாள்.