தப்பாகப் போட்டால் லாபம்! திருத்தப் போகிறவர்களைப் பிடிக்கும் கமென்ட் வலை

நீல வானம், வரிசையாக நிற்கும் ராட்சத கிரேன்கள், கரையோரம் ஒரு சரக்குக் கப்பல். படத்தின் மேல் கொட்டை எழுத்தில், ‘தூத்துக்குடி மாவட்டத்தின் பெருமை... காட்டுப்பள்ளித் துறைமுகம்!’ இப்படி ஒரு பதிவு ஃபேஸ்புக்கில் உங்கள் கண்ணில் படுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மீஞ்சூரிலோ, பொன்னேரியிலோ, கும்மிடிப்பூண்டியிலோ இருக்கும் ஒருவரால் இதைச் சும்மா கடந்துபோக முடியுமா? கை தானாகவே கமென்ட் பெட்டிக்குப் போய்விடும்.

“அட்மின், அது தூத்துக்குடி இல்ல. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. எங்க ஊர்ப் பக்கம்தான்” என்று முதல் ஆள் ஆரம்பிப்பார். “தூத்துக்குடியில இருக்குறது வ.உ.சி. துறைமுகம் தலைவா” என்று அந்த ஊர்க்காரர் வந்து சேர்வார். “அப்போ இது எண்ணூர் துறைமுகம்தானே?” என்று மூன்றாவது ஆள் கேட்பார். “இல்ல ப்ரோ. எண்ணூர்ல இருக்குறது மத்திய அரசோட காமராஜர் துறைமுகம். காட்டுப்பள்ளி அதுக்குப் பக்கத்துல இருக்குற தனியார் துறைமுகம். எல் அண்ட் டி கட்டினது, 2018-ல அதானி குழுமம் வாங்கினாங்க” என்று நான்காவது ஆள் விளக்குவார். அதற்குள் தனியார் நல்லதா, அரசு நல்லதா என்று ஐந்தாவது, ஆறாவது ஆட்கள் சண்டையில் இறங்கியிருப்பார்கள்.

இத்தனையும் நடக்கும்போது ஒருவர் மட்டும் வாயே திறக்க மாட்டார். அவர்தான் அந்தப் பக்கத்தின் அட்மின். ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு வரிகூட வராது. பதிவும் திருத்தப்படாது. ஏனென்றால் அது தவறே இல்லை, தூண்டில். மாவட்டத்தின் பெயர்தான் அதில் மாட்டிய புழு.

பழைய தந்திரம், புதிய வியாபாரம்

சரியான பதில் வேண்டுமென்றால் கேள்வி கேட்காதே, தவறான பதிலைச் சொல் என்று இணைய உலகத்தில் ஒரு பழைய சூத்திரம் உண்டு. இதற்கு ‘கன்னிங்ஹாம் விதி’ என்று பெயர். 1995-ல் உலகின் முதல் விக்கி தளத்தை உருவாக்கிய வார்ட் கன்னிங்ஹாமின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. பெயர் வைத்தவர் இன்டெல் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்த ஸ்டீவன் மெக்கீடி. கன்னிங்ஹாமோ, ‘அப்படி நான் சொல்லவே இல்லை’ என்று மறுத்திருக்கிறார். தவறான பதிலைப் பற்றிய விதியே தவறான ஆளின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது!

அந்தக் காலத்தில் இந்தத் தந்திரத்தைக் கையாண்டவருக்குத் தேவைப்பட்டது பதில். யாராவது திருத்திவிட்டால் வேலை முடிந்தது. இப்போது பதில் யாருக்கும் வேண்டாம். திருத்த வரும் கூட்டம்தான் வேண்டும்.

காரணம் எளிது. உங்கள் திரையில் எந்தப் பதிவு முதலில் வர வேண்டும் என்பதை ஃபேஸ்புக்கின் அல்காரிதம் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கிறது. 2018 ஜனவரியில் அந்தக் கணக்கை நிறுவனம் மாற்றியது. மக்கள் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. அதன் உள்விவரம் 2021-ல்தான் வெளியே வந்தது. ஃபேஸ்புக்கில் வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் கொண்டுவந்த ஆவணங்களின்படி, ஒரு லைக்குக்கு 1 புள்ளி. சிரிப்பு, கோபம் போன்ற முகக்குறிக்கு 5 புள்ளி. விஷயத்தோடு எழுதிய கமென்ட்டுக்கு 30 புள்ளி.

இந்தக் கணக்கைக் காட்டுப்பள்ளிப் பதிவின் மேல் போட்டுப் பாருங்கள். தகவலைச் சரியாகப் போட்டிருந்தால் 1,000 பேர் லைக் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். 1,000 புள்ளி. மாவட்டத்தை மாற்றிப் போட்டதால் வெறும் 40 பேர் கோபத்தோடு நாலு வரி எழுதுகிறார்கள். 1,200 புள்ளி. ஆயிரம் பேரின் பாராட்டை நாற்பது பேரின் திருத்தம் தோற்கடித்துவிடுகிறது. எழுதியவருக்கும் பதிவிட்டவருக்கும் உள்ள நெருக்கத்தைப் பொறுத்தும் இந்தப் புள்ளிகள் கூடும், குறையும். 2018-ல் வந்த இந்த மதிப்புகள் அதற்குப் பிறகு பலமுறை மாற்றப்பட்டும் விட்டன. ஆனால், கமென்ட் விழும் பதிவுக்கு ரீச் கூடும் என்ற பாடத்தைப் பக்கம் நடத்துகிறவர்கள் அன்றே படித்துக்கொண்டார்கள்.

தடையில் இருந்த ஓட்டை

ஃபேஸ்புக் இதைத் தடுக்கவே இல்லையா? தடுத்தது. 2017 டிசம்பரிலேயே, ‘அம்மாவைப் பிடிக்கும் என்றால் லைக் போடு’, ‘நண்பனை டேக் செய்’, ‘ஆம் என்று கமென்ட் செய்’ என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக அறிவித்தது. அப்படிப்பட்ட வாசகங்களைக் கண்டுபிடிக்கக் கணினிக்குப் பயிற்சியும் கொடுத்தது.

ஆனால், காட்டுப்பள்ளிப் பதிவைத் திரும்பவும் பாருங்கள். அது எதையுமே கேட்கவில்லை. லைக் போடச் சொல்லவில்லை, கமென்ட் எழுதச் சொல்லவில்லை. ஊர்ப் பெருமை பேசும் ஒரு சாதாரண வாக்கியம். அது தவறு என்று தெரிய, காட்டுப்பள்ளி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கெஞ்சும் வாசகத்தைத் தேடும் கணினிக்கு இதில் பிடிக்க எதுவும் இல்லை.

எக்ஸ் தளத்தில் நேரடியாகப் பணமே கிடைக்கிறது. 2023 ஜூலை முதல், அதிகம் பேரை ஈர்க்கும் கணக்குகளுக்கு அந்த நிறுவனம் வருமானத்தில் பங்கு கொடுக்க ஆரம்பித்தது. தவறான பதிவுகள் பெருகின. அதே ஆண்டு அக்டோபரில், வாசகர்களின் ‘கம்யூனிட்டி நோட்’ மூலம் திருத்தப்பட்ட பதிவுக்குப் பங்கு கிடையாது என்று எலான் மஸ்க் அறிவித்தார். ஆனால், ஒரு நோட் எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்றால், மாறுபட்ட கருத்துள்ளவர்கள் பலர் அதைப் பயனுள்ளது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு துறைமுகம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்ற சின்ன விஷயத்துக்கு அத்தனை பேர் மெனக்கெடுவது அபூர்வம். சின்னப் பொய்க்கு அதுதான் பாதுகாப்பு.

படம் மட்டும் பயணம் போகும்

‘கமென்ட்டில் சரியான தகவல் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?’ என்று தோன்றலாம். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அந்தப் படத்தை ஒருவர் போனில் சேமித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், படம் மட்டும்தான் போகும். திருத்திய நாற்பது பேரும் ஃபேஸ்புக்கிலேயே தங்கிவிடுவார்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பொது அறிவுக் குழுவில் அந்தப் படம் விழுந்தால், ‘காட்டுப்பள்ளி - தூத்துக்குடி’ என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிடும்.

திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது உண்மை போலத் தோன்றும் என்பது 1977-லேயே சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். அமெரிக்க உளவியலாளர்கள் ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ மூவரும் இரண்டு வார இடைவெளிகளில் மூன்று முறை மாணவர்களை அழைத்து, சில தகவல்களைக் கேட்கவைத்து, எவ்வளவு நம்புகிறீர்கள் என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் திரும்ப வந்த வாக்கியங்களின் மேல் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. அவை பொய்யாக இருந்தாலும்கூட! ‘இது தப்பு பாருங்க’ என்று அந்தப் பதிவையே ஷேர் செய்கிறவரும் தெரியாமல் இந்த வேலையைத்தான் செய்கிறார்.

திருத்தியவர் விட்டுச்செல்வது

இன்னொரு ஆபத்து கமென்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. திருத்தும்போது, ‘எனக்கு எப்படித் தெரியும்’ என்பதையும் சேர்த்துச் சொல்வது மனித இயல்பு. “நான் அங்கதான் கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கிறேன்”, “எங்க வீடு அத்திப்பட்டு”, “எங்க அண்ணன் சிப்காட்ல இருக்கார், எனக்கும் அங்கதான் தேடுறோம்” என்று ஊர், வேலை, குடும்பம் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

துறைமுகமும் தொழிற்பேட்டையும் உள்ள பகுதியில், வேலை தேடும் இளைஞர்கள் அதிகம். ‘துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று ஏமாற்ற நினைக்கும் ஒருவனுக்கு அந்த கமென்ட்களே பெயர்ப் பட்டியல் ஆகிவிடும். பக்கமும் எப்போதும் அதே பக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஃபாலோயர்கள் சேர்ந்த பிறகு பெயர் மாறலாம், கை மாறலாம். ஊர்ப் பெருமை பேசிய பக்கம் ஒருநாள் வேலைவாய்ப்புப் பக்கமாக நிற்கும். பணம் பறிபோய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

தவறா, தூண்டிலா?

எல்லோரும்தான் தவறு செய்கிறார்கள். காட்டுப்பள்ளியையும் எண்ணூரையும் குழப்பிக்கொள்வது உண்மையாகவே நடக்கிற தவறு. இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் துறைமுகங்கள். அதை எழுதியவரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால், அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தூத்துக்குடியில் கொண்டுபோய் வைத்தால் யோசிக்க வேண்டும். தூண்டில் தவறுக்கு அதுதான் அடையாளம். யாருக்கும் சட்டென்று தெரிகிற மாதிரி, ஒரே வார்த்தையில் திருத்துகிற மாதிரி இருக்கும்.

சந்தேகம் வந்தால் பக்கத்தின் பழைய பதிவுகளைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். புலிக்காட் ஏரியை ஆந்திராவின் அணை என்றும், மேட்டூரைத் திருச்சி மாவட்டம் என்றும் வரிசையாக இருந்தால் முடிவுக்கு வந்துவிடலாம். ஃபேஸ்புக் பக்கத்தின் விவரப் பகுதியில் `Page transparency` என்று ஒன்று இருக்கும். பக்கம் எப்போது தொடங்கியது, முன்பு என்னென்ன பெயர்களில் இருந்தது என்பதெல்லாம் அங்கே தெரியும்.

நேர்மையான பக்கமாகத் தெரிந்தால், கமென்ட்டில் எழுதாமல் தனிச்செய்தி அனுப்புங்கள். உண்மையிலேயே தவறியவர் திருத்திவிடுவார். தூண்டில் என்று தெரிந்தால் லைக், கோப முகம், கமென்ட் எதுவும் வேண்டாம். பதிவின் மேல் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு மறைத்துவிடுங்கள். குடும்பக் குழுவில் எச்சரிக்க வேண்டுமென்றால், அந்தப் படத்தின் குறுக்கே பெரிதாக ‘தவறு’ என்று எழுதி, சரியான தகவலையும் படத்துக்குள்ளேயே சேர்த்து அனுப்புங்கள். அப்போதுதான் படம் எங்கே போனாலும் திருத்தமும் கூடவே போகும்.

அதற்கும் மேலே ஒரு வழி இருக்கிறது. காட்டுப்பள்ளியைப் பற்றி அந்த நான்காவது ஆளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது! 2010-ல் அங்கே திறக்கப்பட்ட கடல்நீர்க் குடிநீர் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறன் கொண்டது என்பதும்கூட அவருக்குத் தெரிந்திருக்கும். அதையெல்லாம் அவர் தன் பக்கத்தில், தன் பெயரில், ஊர்ப் படத்தோடு எழுதியிருந்தால் நண்பர்கள் நாலு பேராவது படித்திருப்பார்கள்.

யாரோ போட்ட கடையில் போய் இலவசமாக வேலை பார்ப்பதைவிட, தெரிந்ததை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது மேல்.